ஆயாவும் கவாயீயும்

சென்ற மாதம் ஒரு மாலை, எங்கள் லிங்கராஜபுரம் வீட்டின் மாடிப்படியில் ஆயா ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள். இடுப்பெலும்பு முறிந்து, அறுவைக்குப் பின் நான்கு கால் ஊன்றுகோலோடு நடக்கப் பழகும் நாட்கள் அவை. கீழ் வீட்டில் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண் அலுவலகத்திலிருந்து திரும்பியவள், ஆயாவுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். ஆயா கடைசிப் படியில் கால் வைத்ததும் கைதட்டி, "அய்யோ பாட்டி, சோ க்யூட்!" என்றாள். அந்தப் பெண்ணின் குரலில் கள்ளம் ஏதும் இல்லை. அவளுக்கு ஆயாவை உண்மையாகவே பிடித்திருந்தது.

ஆயா நின்றாள். மூச்சு வாங்கினாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "இன்னாடி சொல்லுது அது? என்னைப் பாத்தா பாவமாகீதாமா?"

இல்லை ஆயா, அழகாக இருக்கிறாய் என்கிறாள் என்று நான் மொழிபெயர்த்தேன். ஆயா ஏற்கவில்லை. "நான் நல்லா நடந்தப்போ யாரும் இப்பிடிச் சொல்லலியே" என்றாள்.

நான் மொழியியலில் முதுகலை முடித்து, இப்போது ஆய்வுப் பட்டத்துக்காகப் படித்துக்கொண்டிருப்பவள். சொற்பொருள் மாற்றத்தைப் பற்றி வகுப்பில் பேசவும் செய்கிறேன். ஆயினும் அன்று மாடிப்படியில் ஆயா சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆங்கிலத்தில் 'க்யூட்' என்னும் சொல்லின் பிறப்பில் இரக்கமே கிடையாது. 'அக்யூட்', அதாவது கூர்மை என்னும் சொல்லின் தலை தேய்ந்து உண்டானது அது; முதலில் சூட்டிகையானவர்களைத்தான் குறித்தது. ஆனால் ஆயா அந்தச் சொல்லுக்குள் கேட்ட பொருள் வேறொரு மொழியில், வேறொரு சொல்லில், அப்படியே இருக்கிறது. அது ஜப்பானிய மொழியின் கவாயீ.

அந்தச் சொல்லிடம் நானே ஒருமுறை இடறி விழுந்திருக்கிறேன். ஜப்பானிய மொழி கற்கத் தொடங்கிய முதலாண்டில், குடும்பப் படம் ஒன்றைக் காட்டிப் பேசும் பயிற்சி எங்களுக்குத் தரப்பட்டது. நான் ஆயாவின் படத்தைக் கொண்டுபோயிருந்தேன். அந்த வாரம்தான் 'சோ' என்னும் ஒட்டைக் கற்றிருந்தோம். ஒரு பெயரடையின் கடைசி நெடிலைக் குறுக்கி, பின்னால் 'சோ' சேர்த்தால் 'அப்படித் தோன்றுகிறது' என்று பொருள் வரும். ஒயிஷீ என்றால் சுவையானது. ஒயிஷிசோ என்றால் பார்த்தாலே சுவையாக இருக்கும்போலத் தோன்றுவது. உரெஷீ என்றால் மகிழ்ச்சி. உரெஷிசோ என்றால் மகிழ்ச்சியாக இருப்பதுபோலத் தோன்றுவது. விதி எளிது. ஆகவே கவாயீ என்பதிலிருந்து கவாயிசோ என்று ஆக்கி, 'என் பாட்டி அழகாகத் தோன்றுகிறாள்' என்று சொல்லிவிட்டதாக எண்ணிப் பெருமையோடு நின்றேன்.

ஆசிரியரின் முகம் மாறியது. "உங்கள் பாட்டிக்கு என்ன நேர்ந்தது?" என்று மெல்லக் கேட்டார். நான் சொன்னதன் பொருள் 'ஐயோ பாவம் என் பாட்டி' என்பது.

வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இது ஜப்பானிய மொழி கற்கும் பலரும் செய்யும் பிழைதான். 'அழகாகத் தோன்றுகிறது' என்று சொல்ல வேறு வழிகளை நாட வேண்டும்; அந்த விதி போய் அமர வேண்டிய இடத்தில் முன்பே 'பரிதாபம்' என்னும் பொருள் உட்கார்ந்திருக்கிறது. ஏன் அப்படி என்பதுதான் சுவையான கதை. பிழை செய்தது விதியும் அல்ல, நானும் அல்ல. ஒரு சொல் பொருள் மாறி நகர்ந்துவிட்டால், அதிலிருந்து முன்பே பிறந்துவிட்ட சொல் சில வேளைகளில் அதனோடு நகர்வதில்லை; பழைய பொருளைச் சுமந்தபடி நின்ற இடத்திலேயே நின்றுவிடும். கவாயிசோ அப்படி நின்றுபோன சொல். கவாயீ ஒருகாலத்தில் எதைக் குறித்தது என்பதற்கு அதுவே சாட்சி.

கவாயீ என்பதன் பழைய வடிவம் கஹாயுஷி. அதற்கும் முந்தைய வடிவத்தை அகராதிகள் இரண்டாகப் பிரிக்கின்றன: கஹோ என்றால் முகம், ஹாயுஷி என்றால் ஒளிபட்டுக் கூசுவது. இதைத் தமிழில் விளக்குவது போல எளிது வேறில்லை. வெயிலில் கண் கூசுகிறது என்கிறோம். நால்வர் முன் நிற்க முகம் கூசுகிறது என்கிறோம். ஜப்பானியமும் அதே வினையைக் கண்ணோடு சேர்த்து மபாயுஷி என்றது; முகத்தோடு சேர்த்துக் கஹாயுஷி என்றது. முன்னது இன்று 'கண்ணைப் பறிக்கும் ஒளியுடைய' என்னும் பொருளில் வாழ்கிறது. பின்னது முகம் கூசுதல், சிவத்தல், நேர்நின்று பார்க்க இயலாமை என்ற பொருளில் தொடங்கி, 'பார்க்கப் பொறுக்கவில்லை' என்றாகி, அங்கிருந்து 'இரங்கத்தக்கது' என்றானது.

இந்த இடைநிலைக்கு அகராதிகள் வழக்கமாகக் காட்டும் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொகுக்கப்பட்ட கொன்ஜாக்கு மொனொகதாரி என்னும் பெருங்கதைத் தொகுதியில் வருவது. மாற்றாந்தாய் ஒருத்தியின் சூழ்ச்சிக்கு உடன்பட்ட ஏவலாள் ஒருவன், சிறுவனைக் கொல்வதற்காகக் கொண்டுபோகிறான். கத்தியால் குத்துவதும் அம்பால் எய்வதும் கஹாயுஷி என்று அவனுக்குத் தோன்றுகிறது. அதாவது, இரக்கமாக இருக்கிறது, மனம் ஒப்பவில்லை. ஆகவே அவன் குழிவெட்டிச் சிறுவனைப் புதைக்க முற்படுகிறான்.

முதன்முறை இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அவனுடைய இரக்கம் பொய்யல்ல. ஆனால் அது சிறுவனைக் காப்பாற்றவில்லை. தன் கண்ணால் பார்க்க வேண்டியிராத ஒரு முறையைத் தேடிக்கொள்ள மட்டுமே அவனுக்கு உதவியது. அந்தச் சொல் பேசுவது சிறுவனைப் பற்றியா, அவனைப் பார்க்க நேர்ந்தவனின் முகத்தைப் பற்றியா? சொற்பிறப்பு சொல்லும் விடை இரண்டாவதே.

1603இல் நாகசாகியில் இயேசு சபையார் அச்சிட்ட ஜப்பானிய-போர்த்துக்கீசிய அகராதியிலும் இச்சொல் இடம்பெற்றிருக்கிறது. (அதே சபையார்தான் பின்னர் 1679இல், கேரளத்தின் அம்பலக்காட்டில், அந்தாம் தெ புரொயென்சாவின் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியை அச்சிட்டார்கள்.) அந்த 1603ஆம் ஆண்டுப் பதிவும் கவாயீ என்பதற்கு இரக்கம் உண்டாக்குவது என்றே பொருள் தருகிறது. அக்காலத்தை ஒட்டியும் அதன் பின்னரும்தான் 'அன்புக்குரிய', 'செல்லமான' என்னும் பொருள் மெல்ல மேலெழுந்து, இறுதியில் 'சின்னஞ்சிறு அழகு' என்னும் பொருள் முழு இடத்தையும் பிடித்துக்கொண்டது. இன்று அச்சொல்லை எழுதும்போது இடும் சீன எழுத்துகள் 'அன்பு செலுத்தத் தக்க' என்று பொருள்படுவன. அவை ஒலிக்காகவும் பொருளுக்காகவும் பின்னாளில் பொருத்தப்பட்டவை. சொல்லின் முகக்கூச்சம் அவற்றில் தெரியாது.

இது தனி ஒரு சொல்லின் விபத்தாக இருந்திருந்தால் நான் இவ்வளவு நீட்டமாட்டேன். ஜப்பானியத்தில் இதே பாதையில் நடந்த சொற்கள் வேறும் உண்டு. இன்று 'என் அன்பே' என்னும் பொருளில் வழங்கும் இதொஷீ, பழைய மொழியில் 'பரிதாபத்துக்குரிய' என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. கனஷீ எதிர்த்திசையில் நடந்தது. பழங்காலத்தில் நெஞ்சை நெருக்கும் அன்பு, நெஞ்சை நெருக்கும் துயர் இரண்டையும் குறித்த அச்சொல் இன்றைய பொதுமொழியில் துயரத்தை மட்டும் வைத்துக்கொண்டது. ஆனால் ஒக்கினாவாத் தீவுகளில் அதன் உறவுச் சொல்லான கனசன் இன்றும் 'அன்புக்குரிய' என்றே பொருள் தருகிறது. அன்புக்கும் இரக்கத்துக்கும் இடையில் ஒரு கதவு இருக்கிறது. அது இருபக்கமும் திறக்கும்.

இந்த இடத்தில் சிலர் பின்னூட்டத்தில் எழுதப்போவது எனக்குத் தெரியும்: ஜப்பானியம் தமிழிலிருந்து பிறந்ததுதானே? சுசுமு ஓனோ இரு மொழிகளையும் ஒப்பிட்டு நெடுங்காலம் உழைத்தார் என்பது உண்மை. அவர் முன்வைத்த உறவை மொழியியலாளருள் பெரும்பாலோர் ஏற்கவில்லை என்பதும் உண்மை. நான் சொல்லவருவதற்கு அந்த உறவு தேவையே இல்லை. உறவில்லாத இரு மொழிகள் ஒரே பாதையில் நடந்தால், அந்தப் பாதை மொழிக்குரியது அன்று, மனத்துக்குரியது. எனக்கு அதுவே பெரிதாகத் தோன்றுகிறது.

அந்தப் பாதையைப் பார்க்க நான் ஜப்பானுக்குப் போக வேண்டியதில்லை. எங்கள் தெருவே போதும். லிங்கராஜபுரத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் மொழி மாறும். வடமொழியில் தீவினையைக் குறிக்கும் 'பாப' என்னும் ஒரே சொல், இங்கே மூன்று வீடுகளில் மூன்று நிலைகளில் வாழ்கிறது. கன்னடத்தார் அடிபட்ட நாயைக் கண்டால் "அய்யோ, பாப!" என்பார்கள். தமிழர் நாம் 'பாவம்' என்கிறோம். நம்மிடம் அது தீவினை, பரிதாபம் இரண்டுமாக இருக்கிறது. மலையாளத்தில் அது இன்னும் ஓரடி முன்னே போய்விட்டது. எதிர்வீட்டு மலையாளச் சேச்சி ஒருவரைப் பற்றி "அவன் ஒரு பாவம்" என்று சொன்னால், அவனுக்குத் துன்பம் நேர்ந்ததாகப் பொருளில்லை. சூதுவாது தெரியாத நல்லவன், ஒருவரையும் நோகடிக்காதவன் என்று பொருள். தீவினை இரக்கமாகி, இரக்கம் பிரியமாக நெகிழ்ந்துவிட்டது. கவாயீ சில நூற்றாண்டுகளில் கடந்த தொலைவில் ஒரு பகுதியை, எங்கள் தெருவில் மூன்று வாசல்களைத் தாண்டினால் கடந்துவிடலாம்.

சிறுவயதில் நான் கன்னடத்தார் சொல்லும் 'பாப'வைத் தமிழ்ப் 'பாப்பா' என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். கன்னடத்திலும் குழந்தையைப் 'பாப்பு' என்று அழைப்பார்கள்; குழப்பம் உறுதிப்பட்டது. கீழே விழுந்து முட்டி தேய்ந்து அழும்போது பக்கத்து வீட்டு அஜ்ஜி "அய்யோ பாப" என்று தூக்குவாள். என்னை 'ஐயோ என் பாப்பா' என்று கொஞ்சுகிறாள் என்றே நினைத்திருந்தேன். இரண்டு சொற்களின் ஒலி ஒற்றுமை தற்செயல்தான். ஆனால் அஜ்ஜியின் கைகளுக்கு அந்த வேறுபாடு தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தமிழில் நாம் சொல்லும் முறையையும் கவனியுங்கள். 'பார்க்கப் பாவமாக இருக்கிறது' என்கிறோம். யாருக்கு இருக்கிறது? எனக்கு. பார்க்கும் எனக்குள் நிகழ்வதைப் பார்க்கப்படுபவரின் பண்பாக்கி 'அவர் பாவம்' என்று முடித்துவிடுகிறோம். கவாயீயும் அப்படித்தான். என் முகம் கூசுகிறது என்பது முதல் நிலை. அது கூசவைக்கிறது என்பது இரண்டாம் நிலை. அது அத்தகையது என்பது மூன்றாம் நிலை. மூன்றாம் நிலைக்கு வரும்போது பார்த்தவர் காட்சியிலிருந்து நழுவிவிடுகிறார். பார்க்கப்பட்டவர் மீது மட்டும் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அப்படி ஒட்டும் சொல்லுக்கு ஓர் உயர வேறுபாடு வேண்டும். 1988இன் இறுதி மாதங்களில் பேரரசர் ஹிரோஹிதோ நோயுற்றுக் கிடந்தபோது, நலம் விழைந்து கையெழுத்திட அரண்மனைக்கு வந்த பள்ளி மாணவியர் அவரைக் கவாயீ என்று உணர்ந்ததைப் பற்றி எய்ஜி ஓட்ஸுகா என்னும் விமர்சகர் எழுதினார். ஒருகாலத்தில் தெய்வமாக வணங்கப்பட்டவர் அவர். முதுமையும் நோயும் அவரைப் பதினாறு வயதுப் பெண்களின் பார்வைக்குக் கீழே இறக்கின. அந்தச் சரிவில்தான் சொல் உருண்டு வந்து நின்றது. இனிமையான முதியவளாக, கவாயீப் பாட்டியாக ஆக வேண்டும் என்று ஜப்பானியப் பெண்கள் விருப்பம் தெரிவிப்பதையும் கேட்கலாம். அந்த விருப்பத்துக்குள் ஓர் அச்சமும் இருப்பதாக எனக்குப் படுகிறது: இனிமையாக இல்லாத கிழவியை யார் பார்த்துக்கொள்வார்கள்?

கவாயீக்கு உலகம் அறிந்த முகம், 1974இல் உருவான ஹலோ கிட்டி. அந்தப் பூனைக்குக் கண் உண்டு, மூக்கு உண்டு, மீசை உண்டு. வாய் வரையப்படவில்லை.

ஆயாவுக்கு வாய் உண்டு. அதுதான் அன்று மாடிப்படியில் சிக்கல்.

அவள் நாற்பது ஆண்டுக்காலம் இந்தப் பகுதியில் பூ விற்றவள். விடியுமுன் சிட்டி மார்க்கெட் போய் உதிரிப்பூவைக் கிலோக் கணக்கில் வாங்கி வருவாள். மல்லியும் காக்கடாவும் கனகாம்பரமும் அவள் மடியில் பிரியும். வாழைநாரை நனைத்துக் கிழித்து, கண்ணைத் தெருவில் வைத்துக்கொண்டே கை தானாகக் கட்டும். தமிழர்க்கு முழம், கன்னடத்தார்க்கு மாரு. இரண்டு அளவும் அவள் கைக்குத் தெரியும். முழத்தைக் குறைத்து அளக்கிறாள் என்று சொன்ன ஒருவனிடம், "உன் கையில அளந்துக்கோ, என் கையிலதான் காசு வாங்குவேன்" என்றவள். அந்த நாற்பது ஆண்டுகளில் அவளைக் 'க்யூட்' என்று ஒருவரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பூக்கூடை பறந்திருக்கும். இடுப்பு முறிந்து, ஊன்றுகோல் பிடித்து, ஒரு படி இறங்க ஒரு நிமிடம் ஆனபோதுதான் அந்தச் சொல் அவளிடம் வந்தது. அது எந்தச் சரிவில் உருண்டு வந்தது என்று அவள் கண்டுகொண்டாள். அகராதியும் வேண்டியிருக்கவில்லை.

உயர வேறுபாடு இல்லாமல், இரக்கமும் அன்பும் ஒன்றாக நிற்கும் சொல் நம்மிடம் உண்டா என்று சில நாள் தேடிக்கொண்டிருந்தேன். கைக்கு வந்தது 'அளி'. குறளின் 1138இல் 'அளியர்' என்பது இரங்கத்தக்கவர். 1192இல் அதே வேர், காதலர் காதலர்க்குக் காட்டும் அன்பு. ஒரே நூலின் ஒரே பாலில், ஒரே சொல்லின் இரண்டு கரைகள். மகிழ்ந்தேன். பிறகு நினைவுக்கு வந்தது: அளி அரசனுக்குரிய சொல்லும்தான். குடிகள் மீது செங்கோல் காட்டுவதும் அளியே. 1192இலும் அதை அளிப்பவர் ஒருவர், காத்திருப்பவர் ஒருவர். உயரம் முற்றிலும் நீங்கிய சொல்லை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

இதை எழுதி முடிக்க வேண்டும் என்று நேற்றிரவு விழித்திருந்தேன். ஆயா தண்ணீர் குடிக்க எழுந்தவள், ஊன்றுகோலோடு என் அறை வாசலில் வந்து நின்றாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, இருட்டில் தனக்குத்தானே சொன்னாள்: "பாவம், படிச்சிக்கினே கீது."

எனக்கு இருபத்தெட்டு வயது. இன்னும் ஆய்வேடு முடியவில்லை. நிலையான வேலை இல்லை. வாடகையில் பாதி அம்மாவுடையது. வேறு யார் அதே சொல்லைச் சொல்லியிருந்தாலும் எனக்குச் சினம் வந்திருக்கும். வரவில்லை. அவள் என்னைவிட உயரத்தில் நின்று பார்க்கிறாள் என்பது தெரிந்தேயிருந்தது. என்னைத் தூக்கி வளர்த்தவளுக்கு அந்த உயரம் சொந்தமானது. கீழ் வீட்டுப் பெண்ணுக்கும் ஆயாவுக்கும் இடையில் அப்படி ஒரு கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை; வேறுபாடு அங்கேதான் இருக்கிறது என்று இப்போதைக்கு நினைக்கிறேன்.

முகம் கூசியது. திரும்பிப் பார்க்காமல் எழுதிக்கொண்டிருந்தேன்.